மொய் நோட்டில் நிற்பது அன்பளிப்பா, கடனா?



ஏற்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் நிக்காஹ் நடக்கும் வீடுகளில், துஆ ஓதி முடித்ததும் நமக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். பந்தலின் வாசலில் மேசை போட்டு, புதிய கோடு போட்ட நோட்டு ஒன்றை வைத்து, "ஹழ்ரத், கையெழுத்து உங்களுக்குத்தான் தெளிவு, மொய்யை நீங்களே எழுதுங்கள்" என்று உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிப் பையில் போடுவார். ஊர், தகப்பனார் பெயர், கொடுத்தவர் பெயர், தொகை என்ற வரிசையில் நாம் எழுதிக்கொண்டே போவோம். பக்கம் முடிந்ததும் கூட்டிப் போட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் அந்தத் தொகையை மீண்டும் எழுத வேண்டும். இரவு பையிலுள்ள பணமும் நோட்டின் மொத்தமும் ஒத்துப்போன பிறகுதான் வீட்டுக்காரர் நம்மை விடுவார்.

மார்க்கக் கல்வி கற்றவரைக் கொண்டு மொய் எழுதவைக்கும் இந்தப் பழக்கம் நம் மலையில் மட்டும் உள்ளது என்றே பல காலம் எண்ணியிருந்தோம். ஹனஃபி மத்ஹபின் பெரும் நூலான 'ரத்துல் முஹ்தா'ரில் அன்பளிப்பு பற்றிய பாடத்தைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. டமாஸ்கஸ் நகரின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் (1784–1836) தம் நாட்டுக் கிராமங்களைப் பற்றி அங்கே ஒரு செய்தி சொல்கிறார்கள். அக்கிராமங்கள் சிலவற்றில் ஒவ்வொரு விருந்துக்கும் பள்ளிவாசல் கதீபை வரவழைப்பார்களாம். வருகிற அன்பளிப்புகளை அவர் எழுதுவாராம். கொடுத்தவர் பின்னொரு நாளில் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அந்தத் தஃப்தரைப் புரட்டிப் பார்த்து, தமக்கு வந்த அளவையே திருப்பிக் கொடுப்பாராம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சிரியா நாட்டுக் கிராமத்தின் மொய் நோட்டு அது.

அந்த அறிஞர் இதை வேடிக்கைச் செய்தியாக எழுதவில்லை. அந்த நோட்டில் இருக்கும் பணம் அன்பளிப்பா, கடனா என்ற கேள்விக்கு விடை தேடும்போதே எழுதுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒருவர் அதே கேள்வியோடு, மறைந்த தம் அத்தாவின் மொய் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். அந்த நோட்டை வைத்தே இந்த வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

மலையில் மொய் வேரூன்றிய விதம்

சேர்வராயன் மலையின் பண வரவு ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதன்பின் மலையின் வாழ்க்கையே அந்தப் பயிரின் பருவத்தை ஒட்டியதாயிற்று. கார்த்திகை தொடங்கி மாசி வரை பழம் பறிப்பு நடக்கும், அதை ஒட்டி மிளகு வரும். கடை வைத்திருப்பவருக்கும் காப்பி, மிளகு வாங்கி விற்பவருக்கும் கூலிக்குப் போகிறவருக்கும் அந்த மாதங்களில்தான் கையில் காசு புழங்கும். மகளின் நிக்காஹோ மகனின் சுன்னத் விருந்தோ பருவம் பார்த்து வருவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியது மொய். இன்று என் கையில் பணம் இருக்கிறது, உன் வீட்டில் விசேஷம் இருக்கிறது. நாளை அது மாறும். வட்டியும் அடமானமும் இல்லாமல் நூறு வீடுகள் ஒரு வீட்டின் செலவைத் தாங்கின. முஸ்லிம் வீட்டு நோட்டுகளில் நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை என்று மலைக் கிராமங்களின் பெயர்களும், கீழே சேலத்திலிருந்து வந்த உறவினர் பெயர்களும், மலையாளிப் பழங்குடி அண்டை வீட்டாரின் பெயர்களும் அடுத்தடுத்து நிற்கும். உதவியில் மதம் பார்க்கப்படவில்லை. யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதை மனத்தில் வைத்திருக்க முடியாததால் நோட்டு தேவைப்பட்டது.

கீழ்நாட்டில் இது இன்னும் பெரிதாக வளர்ந்திருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் 'மொய் விருந்து' நடக்கும். திருமணமோ காதுகுத்தோ இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுகிறார்கள். கேரளத்தின் வட மலபாரில் 'பணப்பயற்று' என்ற பெயரில் இதற்கு இணையான விருந்து உண்டு; அங்கே முஸ்லிம்களும் அதில் பங்கெடுத்து வந்திருக்கிறார்கள். விசேஷம் என்ற காரணமே நீங்கி, கணக்கு மட்டும் எஞ்சிய நிலை இது. இந்த இடங்களில் கொடுப்பவரும் வாங்குபவரும் அதைத் திரும்பி வர வேண்டிய பணமாகவே கருதுகிறார்கள். நம் மலையிலோ அது அவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. கேட்டால் அன்பளிப்பு என்பார்கள். திரும்ப வராவிட்டால் மனம் நோவார்கள்.

ஒரு வரியின் கணக்கு

அந்தச் சகோதரர் கொண்டுவந்த நோட்டுக்கு வருவோம். 1991இல் அவருடைய அக்காவின் நிக்காஹுக்கு எழுதப்பட்டது அது. அதில் நாகலூர் மிளகு வியாபாரி ஒருவர் கொடுத்த 101 ரூபாய் நீல மையில் இருக்கிறது. அந்த வரியின் ஓரத்தில் அத்தா பின்னாளில் சிவப்பு மையில் எழுதிய குறிப்பும் இருக்கிறது. 1998இல் அந்த வியாபாரியின் மகன் திருமணத்துக்குத் தாம் 151 செய்ததாகவும், அதில் பழையது 101, புதியது 50 என்றும் பிரித்து எழுதியிருக்கிறார்.

இந்தப் பிரிப்பில்தான் மொய்யின் இயக்கம் அடங்கியிருக்கிறது. 101 திரும்பியதோடு பழைய கணக்கு தீர்ந்தது. கூடுதலாகப் போன 50 புதுக் கணக்கைத் தொடங்கியது. இதுவரை அத்தா திருப்ப வேண்டியவர். இப்போது வியாபாரி திருப்ப வேண்டியவர். 2006இல் இந்தச் சகோதரரின் திருமணத்துக்கு அந்த வியாபாரி 101 வைத்தார். அதில் 50 பழையது, 51 புதியது. மீண்டும் அத்தாவின் மேல் 51 ரூபாய் நின்றது. அதன்பின் வியாபாரியின் வீட்டில் விசேஷம் ஏதும் நடக்கவில்லை. 2019இல் அத்தா காலமானார்.

கணக்கு எந்த நாளிலும் பூஜ்யத்துக்கு வராதபடி இந்த முறை அமைந்திருக்கிறது. வாங்கியதை மட்டும் சரியாகத் திருப்பிக் கொடுப்பது உறவை முறித்துக்கொள்வதன் அடையாளமாக ஊரில் பார்க்கப்படும். ஆகவே ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். விளைவாக, யார் எப்போது இறந்தாலும் அவர் மேல் ஏதோ ஒரு பாக்கி நிற்கிறது.

அத்தா திருப்பாமல் விட்ட வரிகளை அவரும் நாமும் உட்கார்ந்து எண்ணினோம். 38 பெயர்கள், மொத்தம் 1,938 ரூபாய். அவருக்கு வர வேண்டிய பெயர்களும் சில இருந்தன. அவற்றில் ஒன்று, கணவரை இழந்து தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு பெண்மணியின் வீட்டு வரி.

சகோதரரின் கவலை இரண்டு. வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரிப்பதற்கு முன் மய்யித்தின் கடனை அடைக்க வேண்டும் என்பது சூரா நிஸாவின் வசனங்கள் விதித்த சட்டம். அப்படியானால் இந்த 38 வரிகளும் கடனா? கடன் என்றால், இன்றைய ஊர் வழக்கப்படி வரிக்கு 500 ரூபாய் வீதம் 19,000 ரூபாய் கொடுக்க வேண்டுமா?

அறிஞர்கள் பிரிந்து நின்ற இடம்

விசேஷ வீட்டில் வைக்கப்படும் இந்தப் பணத்தை அரபியில் 'நுகூத்' என்பார்கள். இது பற்றி ஷாஃபிஈ அறிஞர்களிடையே பழைய கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் இமாம் புல்கீனீ (ரஹ்) அதைக் கடன் என்று கருதினார்கள். மக்காவில் வாழ்ந்த இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அதை அன்பளிப்பு என்றார்கள். அதை எந்த எண்ணத்தில் கொடுக்கிறார்கள் என்பதில் மக்களின் வழக்கம் ஒரே சீராக இல்லை. குழம்பிய வழக்கத்தை வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்பது அவர்களின் காரணம். கொடுப்பவர் கடன் என்ற எண்ணத்துடன் அதற்குரிய சொல்லையும் சொல்லிக் கொடுத்தால் மட்டும் நிலை வேறு.

16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தம் 'ஃபத்ஹுல் முஈன்' நூலில் இதே முடிவை எடுத்துக்கொண்டார்கள். அதே அளவு திருப்பிக் கொடுப்பது வழக்கமாக இருந்தாலும்கூட அது அன்பளிப்பே, கடன் அல்ல என்பது அவர்களின் நிலை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஷாஃபிஈ ஊர்களின் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் நூல் அது. பணப்பயற்று நடக்கும் மண்ணுக்கு அருகிலிருந்தே இந்தத் தீர்ப்பு வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

ஹனஃபி மத்ஹபில் அணுகுமுறை வேறு. பலஸ்தீனத்தின் ரம்லா நகரைச் சேர்ந்த கைருத்தீன் ரம்லீ (ரஹ்) அவர்களிடம் (1585–1671) திருமண வீடுகளுக்கு அனுப்பப்படும் பொருள் பற்றிக் கேட்கப்பட்டது. அவர்கள் விடையை ஊர் வழக்கத்தில் வைத்தார்கள். பதிலுக்குத் திரும்ப வரும் என்ற எண்ணத்தில் கொடுப்பது வழக்கமானால், அதைத் திருப்புவது கட்டாயம். பதிலை எதிர்பாராமல் கொடுப்பது வழக்கமானால் அது அன்பளிப்பு. இந்தப் பதிலை எடுத்துச் சொன்ன இடத்தில்தான் இப்னு ஆபிதீன் (ரஹ்) கதீபின் தஃப்தரைக் குறிப்பிடுகிறார்கள். தம் நாட்டில் இரு வழக்கமும் கலந்திருப்பதாகவும், சில கிராமங்களில் அதைக் கடனாகவே கருதுவதாகவும் சொல்லி, அதற்கு அடையாளமாக எழுதிவைக்கும் பழக்கத்தைக் காட்டுகிறார்கள்.

நோட்டு எழுதுகிற நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. பெயரையும் தொகையையும் குறிப்பது நினைவுக்காக மட்டும் என்றால் அது ஒன்று. அந்த நோட்டைப் புரட்டி, திருப்பாதவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அந்த ஊரில் மொய் கடனாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வட இந்தியாவில் இதே பழக்கத்துக்கு 'நியோதா' என்று பெயர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள் (1863–1943) அதைக் கடனாகவே எடுத்துக்கொண்டு கடுமையாகக் கண்டித்தார்கள். தேவை இல்லாமலேயே மனிதன் கடனாளியாகிறான் என்பதும், கொடுத்தவர் இறந்தால் அந்தப் பணம் எல்லா வாரிசுகளின் உரிமையாகிச் சிக்கலாகிறது என்பதும் அந்தக் கண்டனத்தின் உள்ளடக்கம்.

கூடுதல் தொகை வட்டியா?

சகோதரர் கேட்ட இன்னொரு கேள்வி, 101 வாங்கி 151 கொடுத்தது வட்டி ஆகாதா என்பது. அத்தா சிவப்பு மையில் பிரித்து எழுதிய குறிப்பு இங்கே உதவியது. 101க்கு ஈடாக 151 கொடுத்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் கூடுதல் 50 வட்டியாகும். அத்தாவின் கணக்கிலோ அந்த 50 பின்னால் திரும்ப வர வேண்டிய புதுத் தொகை. பழைய கடனின் மேல் ஏறியது அல்ல. நிபந்தனை எதுவும் இல்லாமல், கடன் வாங்கியவர் தாமே மனமுவந்து கூட்டித் தருவது வேறு. நபி (ஸல்) அவர்கள் தாம் கடனாக வாங்கிய ஒட்டகத்தைவிடச் சிறந்த ஒட்டகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் எண்ணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. சூரா ரூமின் 39ஆம் வசனம், மக்களின் பொருளில் பெருகட்டும் என்று கொடுப்பது அல்லாஹ்விடத்தில் பெருகுவதில்லை என்ற கருத்தைச் சொல்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி), முஜாஹித் (ரஹ்) முதலானோர் இதை, கொடுத்ததைவிட அதிகம் திரும்ப வரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கும் அன்பளிப்பு என்றே விளக்கியதாக இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் எடுத்துக்காட்டுகிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் அதற்கு மறுமையில் கூலியும் இல்லை என்பது அந்த விளக்கத்தின் சாரம். மொய் வைக்கும்போது 'இது திரும்ப வரும்' என்று எண்ணினால், திரும்பி வருவதே அதன் முழுப் பயன்.

நோட்டை மூடிய விதம்

சேலம் மாவட்டத்தின் பெரும்பாலான ஜமாஅத்துகளைப் போல நம்முடையதும் ஹனஃபி ஜமாஅத். ஆகவே ஊர் வழக்கம் என்ன என்று பார்க்க வேண்டியிருந்தது. மூத்தவர்கள் சிலரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டோம். திருப்பாதவரிடம் வாய்விட்டுக் கேட்பீர்களா? கொடுத்தவர் வீட்டில் கடைசிவரை விசேஷமே நடக்காவிட்டால், அந்தத் தொகையை வேறு வகையில் எதிர்பார்ப்பீர்களா? வறுமையால் ஒருவர் திருப்பாவிட்டால் பாக்கி என்று சொல்வீர்களா? தாய்மாமனும் நெருங்கிய உறவினரும் வைத்ததைப் பற்றி எல்லோரும் 'இல்லை' என்றார்கள். வியாபாரத் தொடர்பில் வைத்ததைப் பற்றிப் பலர் 'ஆம்' என்றார்கள். இப்னு ஆபிதீன் (ரஹ்) தம் நாட்டில் கண்ட அதே கலப்பு நம் மலையிலும் இருந்தது.

பேணுதலுக்காக, சந்தேகமான வரிகள் அனைத்தையும் கடனாக வைத்து அடைத்துவிடுவது என்று சகோதரர் முடிவு செய்தார். எவ்வளவு என்பதில் சட்டம் தெளிவாகவே இருந்தது. ரூபாய்க்கு ரூபாய்தான் ஈடு. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியும், நாணயக் கடனை அதே எண்ணிக்கையில் திருப்ப வேண்டும், விலைவாசி ஏற்றத்தோடு இணைக்கக் கூடாது என்றே தீர்மானித்தது. ஆக, 38 வரிகளையும் சேர்த்தே மார்க்கப்படி அத்தாவின் மேல் இருக்கக்கூடிய உச்சத் தொகை 1,938 ரூபாய். 19,000 என்பது ஊர் மதிப்புக்கான கணக்கு. அதை வாரிசுகளின் பொதுச் சொத்திலிருந்து எடுக்க முடியாது. மகன் விரும்பினால் தம் சொந்தப் பணத்தில் கூட்டித் தரலாம்.

நாகலூர் வியாபாரியிடம் 51 ரூபாயை எடுத்துச் சென்றபோது அவர் முதலில் முகம் சுளித்தாராம். வெறும் 51ஐத் திருப்புவது உறவு வேண்டாம் என்று சொல்வது போல் அவருக்குப் பட்டது. "அத்தாவின் மேல் பாக்கி நிற்கக் கூடாது, அதனால்தான்" என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். மறுவாரம் அவர் வீட்டிலிருந்து ஒரு படி மிளகு வந்தது. அதை எந்த நோட்டிலும் எழுத வேண்டாம் என்று சகோதரரிடம் சொன்னோம்.

அந்தப் பெண்மணியின் வரியில் இன்னொரு நுட்பம் இருந்தது. அது கடன் என்றால், அத்தாவுக்கு வர வேண்டிய அந்த 21 ரூபாய் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. மகன் ஒருவரே மன்னித்துவிட முடியாது. வயது வந்த ஒவ்வொரு வாரிசும் தத்தம் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் சிறுவர்கள் யாரும் வாரிசாக இல்லாததால் அது எளிதாயிற்று. உம்மாவும் அக்காவும் சம்மதித்தார்கள். வரியின் மேல் கோடிட்டு, "எல்லோரும் விட்டுக்கொடுத்தோம்" என்று எழுதினார். பிறகு அந்தப் பெண்மணியிடம் நேரில் சென்றும் சொன்னார். பாக்கி திருப்பவில்லையே என்ற கூச்சத்தால் பதின்மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டு விசேஷங்களுக்கு வராமல் இருந்ததாக அவர் அப்போதுதான் சொன்னாராம்.

அதற்குப் பிறகு மொய் எழுத உட்காரும்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். நோட்டின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விடச் சொல்கிறோம். எந்தெந்த வரியைத் திருப்ப வேண்டிய கடனாகத் தாம் கருதுகிறார், தமக்கு வர வேண்டியதில் எதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டார் என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே தம் கையால் அதில் எழுதிவைக்க வேண்டும். கொடுத்தவரின் எண்ணத்தை நாம் எழுத முடியாது. நம் எண்ணத்தை எழுதலாம். பிள்ளைகள் ஒருநாள் அந்த நோட்டைத் திறக்கும்போது, யாரிடம் போய் நிற்பது, யாரைத் தேடிப் போய் ஆறுதல் சொல்வது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன். வஸ்ஸலாம்.